சந்தை வினைத்திறன்: ஒரு சொல் விளக்கம்

'எஃபிஷியன்சி' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர், 'செய்து முடித்தல்' என்று பொருள்படும் ஓர் இலத்தீன் வினை. நமது பாடநூல்களில் அது வினைத்திறன். நல்ல சொல்தான். ஆனால் 'வினைத்திறனுள்ள சந்தை' என்றதும், வவுனியாவில் வணிகம் படிக்கும் பிள்ளைகள் பலருக்கு, செலவு குறைவாக, விரைவாக வேலை நடக்கும் இடம்தான் மனதில் வருகிறது. பங்குச் சந்தையில் கேள்வியே வேறு: ஒரு தகவல் விலைக்குள் எவ்வளவு ஏறியிருக்கிறது? ஆகவே 'தகவல் வினைத்திறன்' என்று எழுதுவதே சரி.

கிளிநொச்சியில் பெரும்போக அறுவடை முடிந்து, தெருவோரம் நெல் காயும் நேரம். அரசு கொள்வனவு விலையைக் கூட்டி அறிவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அன்று பின்னேரம் லொறியோடு வரும் வியாபாரி புது விலையையே சொன்னால், அறிவிப்பு முழுதாக ஏறிவிட்டது. நாலைந்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால், செய்தி கேட்டதும் வாங்கி வைத்தவருக்கு இலாபம்.

1970இல் அமெரிக்கப் பொருளியலாளர் யூஜின் ஃபாமா விரித்து எழுதிய தகவல் வினைத்திறனின் மூன்று வடிவங்களையும் இப்படியே பிடிக்கலாம். நலிந்த வடிவத்தில், பழைய விலைகள் இன்றைய விலைக்குள் இருக்கின்றன என்பதற்கு மட்டுமே உறுதி. விலைப்பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு எதுவும் மிஞ்சாது. அறிவிப்பை வாசித்து வாங்குபவருக்கு மிஞ்சலாம். அரை வலிமை வடிவத்தில், பகிரங்கமான செய்தி உடனே ஏறிவிடும். அறிவிப்புக்குப் பிறகு வாங்கி ஆதாயம் இல்லை. வலிமை வடிவத்தில் உள்ளிருப்பவரின் இரகசியமும் முன்பே விலையில் இருப்பதால், அறிவிப்பு நாளில்கூட விலை துள்ளாது.

அறிவிப்பை ஒட்டி வரும் ஆதாயத்தைச் சிலர் 'அசாதாரண வருவாய்' என்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை; பெரிய தொகை போல ஒலிக்கிறது. கால் வீதமாகவும் இருக்கலாம், நட்டமாகவும் இருக்கலாம். 'வழமைக்கு மாறான வருவாய்' பொருந்தும். சந்தையோடு ஒத்து நகரும் ஒரு பங்கு, பங்கிலாப அறிவிப்பு நாளில் 100 ரூபாவிலிருந்து 106 ஆகிறது. அன்று சந்தைச் சுட்டெண் 2 வீதம் ஏறியது. அந்த 2 வழமை. மீதி 4 வீதமே வழமைக்கு மாறானது. அடுத்த நாட்களில் இந்த மீதி பூச்சியத்தைச் சுற்றியே நின்றால் அரை வலிமை. ஒன்று, ஒன்று என்று தொடர்ந்து கூடினால் அந்த வடிவம் உடைகிறது. இலாப அறிவிப்புகளுக்குப் பிறகு இப்படி நகர்வதை 1968இலேயே ரே போல், பிலிப் பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

கொழும்புச் சந்தையில் இதைக் கணக்கிடும்போது ஒரு கவனம் வேண்டும். சில பங்குகள் நாட்கணக்கில் கைமாறுவதில்லை. செய்தி வந்து மூன்றாம் நாள்தான் முதல் வியாபாரம் நடந்தால், விலை தாமதமாக ஏறியது போலத் தெரியும். ஆனால் அந்த இரண்டு நாளும் பழைய விலைக்கு யாராலும் வாங்கியிருக்க முடியாது. அதனால் வருவாயைக் கணிக்குமுன், ஒவ்வொரு நாளும் எத்தனை பங்குகள் கைமாறின என்ற நிரலைப் பாருங்கள்.