முதல் மூன்று பக்கத்தில் அட்டையைக் காணோம்

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும்போது வட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்து விழுந்தது. நான்கு பக்கம். "அன்புடையீர், எமது நிறுவனமானது 2019ஆம் ஆண்டு முதல் அனைத்து விதமான தையல் சேவைகளையும் உயர்ந்த தரத்தில் வழங்கி வருகின்றது என்பதை மகிழ்ச்சியுடன் அறியத் தருகின்றோம்." கூடவே பதினாலு படங்கள். ஒரு படத்தில் ஆள் இல்லை, மெஷினுக்கு மாலை போட்டிருந்தது. கடைசி வரி: "இதனை அப்படியே பிரசுரிக்கவும்."

அந்த வாரத்தில் அது எனக்கு வந்த மூன்றாவது. அட்டனில் உட்கார்ந்து பத்திரிகைக்குச் செய்தி அனுப்ப ஆரம்பித்து பதினேழு வருஷமாகிறது. நான்கு வருஷமாக ஒரு பொட்காஸ்ட்டும் செய்கிறேன். கடை திறந்தவர், கேக் சுடுபவர், காளான் வளர்ப்பவர், எல்லோரும் இதே பிடிஎஃப்பைத்தான் பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறார்களோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

வழக்கமாக இவற்றை அப்படியே விட்டுவிடுவேன். அன்றைக்கு மட்டும் நான்காம் பக்கம் வரை போனேன். அங்கே "ஏனைய உற்பத்திகள்" என்ற தலைப்பின் கீழ், பாடசாலைச் சீருடைக்கும் மெத்தை உறைக்கும் நடுவில், ஒரே ஒரு வரி இருந்தது: "அட்டை உறை."

உடனே போன் எடுத்தேன். அனுப்பியவர் கொழும்பில் வேலை செய்யும் ஒரு தம்பி. தையல்காரர் அவருடைய அக்கா, டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறார். "அது என்ன தம்பி அட்டை உறை?" என்றேன். "அது சும்மா அண்ணே, அட்டை காலில ஏறிக் கடிக்காம இருக்க, மலைக்குக் கொழுந்து பறிக்கப் போறவங்களுக்கு அக்கா தைச்சுக் குடுக்கிறது. அதெல்லாம் பெருசா போடத் தேவையில்ல. சீருடை ஓடர் பத்தி எழுதுங்க" என்றார்.

இங்கேதான் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அக்கா எட்டு வருஷம் கொழுந்து பறித்தவர். சவர்க்காரம் பூசிப் பார்த்து, உப்பும் சுண்ணாம்பும் கட்டிப் பார்த்து, எதுவும் மழையில் நிற்காமல், கடைசியில் கிழிந்த தறப்பாளை வெட்டி முழங்கால் வரை வருகிற மாதிரி ஓர் உறை தைத்துக்கொண்டார். மேலே லாஸ்டிக், கீழே பாதத்தைச் சுற்றி இறுக்குகிற நாடா. பக்கத்து நிரையில் நின்றவர் தனக்கும் ஒன்று கேட்டார். இப்போது அவருடைய கொப்பியில் இரண்டு வருஷத்துக்கு 312 ஜோடிக் கணக்கு இருக்கிறது. ஐந்து தோட்டங்களுக்குப் போயிருக்கிறது. இதைத்தான் தம்பி "சும்மா" என்கிறார்.

சரி, தம்பியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் ஆட்களிடம் ஒரு நினைப்பு ஆழமாக இருக்கிறது: செய்தி என்றால் காசு கொடுக்காத விளம்பரம். விளம்பரத்தில் கடையின் பெயர் பெரிதாக வரும், எல்லாச் சேவையும் வரிசையாக வரும், தரம் உயர்ந்தது என்று வரும். அதனால் செய்திக்கும் அதையே எழுதி அனுப்புகிறார்கள். விளம்பரத்தைப் பற்றி முடிவெடுப்பவர் காசு கொடுப்பவர், அவர் விரும்பியதைப் போடலாம். செய்தியைப் பற்றி முடிவெடுப்பவர் வாசிக்கிறவர். உங்கள் கடைக்கு வரவே போகாத ஒருவர், வவுனியாவில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அதை வாசிப்பாரா? சீருடை தைக்கிற கடை அவருடைய தெருவிலும் இருக்கிறது. அட்டைக்குப் பயந்து தறப்பாளில் காலுறை தைத்த பெண் அவருடைய தெருவில் இல்லை. அப்படி வாசிக்க ஏதாவது இருந்தால், உங்கள் கடையின் பெயரும் அதோடு போய்ச் சேரும். இல்லையென்றால் பெயரை எத்தனை தடவை எழுதினாலும் போய்ச் சேராது.

"அப்ப எவ்வளவு எடுப்பீங்க அண்ணே?" என்று கேட்பவர்களும் உண்டு. விளம்பரம் வேண்டுமென்றால் பத்திரிகையின் விளம்பரப் பிரிவு கொழும்பில் இருக்கிறது, கொலம் சென்ரிமீற்றர் கணக்கில் விலை சொல்வார்கள், பற்றுச்சீட்டும் தருவார்கள். செய்தி போடுகிறேன் என்று ஒருவர் உங்களிடம் தன் கைக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அவர் செய்தியாளராக இருந்தாலும் சரி, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிபவராக இருந்தாலும் சரி.

வெளியே தெரியாத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எனக்கு எழுதுகிற மாதிரி, நான் கொழும்பில் இருக்கும் ஆசிரியபீடத்துக்குச் சொல்லி இடம் கேட்க வேண்டும். போனில் எனக்குக் கிடைப்பது ஒரு வாக்கியம். "சேர், டிக்கோயாவில ஒரு முன்னாள் தொழிலாளி அட்டைக்கடிக்கு உறை தைக்கிறாங்க, முந்நூறு ஜோடிக்கு மேல தோட்டங்களுக்குப் போயிருக்கு" என்றால் "அனுப்புங்க" என்பார்கள். "ஒரு தையல் கடை நல்லாச் செய்றாங்க சேர்" என்றால் அந்தப் பக்கம் ஒரு மௌனம். உங்கள் குறிப்பு எனக்குத் தர வேண்டியது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். அதை நான்காம் பக்கத்தில் ஒளித்து வைத்தால் என்ன செய்வது?

தம்பியிடம் திரும்ப எழுதச் சொன்னேன். மூன்று தடவை எழுதினார். கடைசியில் வந்தது இது:

"வணக்கம் அண்ணே. டிக்கோயாப் பக்கத் தோட்டமொன்றில் முன்பு கொழுந்து பறித்த பெண்ணொருவர், அட்டைக்கடி தாங்காமல் தனக்கென்று தறப்பாளில் ஒரு காலுறை தைத்தார். இரண்டு வருஷத்தில் ஐந்து தோட்டங்களுக்கு 312 ஜோடி போயிருக்கிறது. கணக்குக் கொப்பி இருக்கிறது. மழை பிடித்துவிட்டதால் இப்போது இரவிலும் தைக்கிறார். மழைக்கால வேலை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் உங்களுக்கு எழுதுகிறேன், வேறு யாருக்கும் அனுப்பவில்லை. அவரும், உறை போடுகிற இரண்டு பேரும் பேசச் சம்மதம். சாயந்தரம் ஐந்துக்குப் பிறகு வீட்டில் இருப்பார். படங்கள் இருக்கின்றன, கேட்டால் அனுப்புகிறேன். அவர் என் அக்கா."

அவ்வளவுதான். போன் திரையில் விரலால் தள்ளாமலே படித்து முடிக்கலாம். கடையின் பெயர்கூட இல்லை, கவனித்தீர்களா? நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். "ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள்" போய் 312 வந்தது. ஆயிரக்கணக்கு என்றால் நான் நம்ப மாட்டேன், 312 என்றால் கொப்பியைப் பார்க்க வருவேன். முதல் பிடிஎஃப்பில் "இலங்கையில் முதன்முறையாக" என்றும் ஒரு வரி இருந்தது. அதை எடுக்கச் சொன்னேன். வேறொரு தோட்டத்தில் ஒரு பாட்டி முப்பது வருஷத்துக்கு முன்பே தைத்திருந்தால் மறுநாள் எனக்குத்தான் போன் வரும்.

"அவர் என் அக்கா" என்ற கடைசி வரியை தம்பி எழுதத் தயங்கினார். எழுதித்தான் ஆக வேண்டும். உறவு பிறகு தெரியவந்தால் குறிப்பில் உள்ள மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுவேன்.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. அட்டன், மஸ்கெலியாப் பக்கம் வைகாசியில் தென்மேற்கு மழை பிடிக்கும்போது இது செய்தி. தை மாதம் அனுப்பினால் யாருக்கும் அட்டை ஞாபகமே இருக்காது. பதுளைப் பக்கத்தில் ஒருவர் இதைத் தைத்தால், அங்கே வடகீழ் மழை என்பதால் கார்த்திகை, மார்கழியில் சொல்ல வேண்டும். பத்திரிகைக்கு ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும். பொட்காஸ்ட்டுக்கு ஒரு மாதமாவது வேண்டும், நாங்கள் முன்கூட்டியே பதிவு செய்து வைப்போம். அப்புறம், பொட்காஸ்ட்டுக்கு எழுதினால் படம் அனுப்பாதீர்கள், பேசப்போகிறவரின் குரலில் ஒரு நிமிஷம் பதிந்து அனுப்புங்கள். அக்காவின் குரலில் வந்தது, முதலில் தைத்த உறைக்குள் தண்ணீர் புகுந்து, அட்டையும் சேர்ந்து உள்ளே மாட்டிக்கொண்ட கதை. அதைக் கேட்ட பிறகு எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

தயவுசெய்து ஒரே குறிப்பை முப்பது செய்தியாளர்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள். அட்டனில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் பேசிக்கொள்வோம். ஒருவருக்கு அனுப்புங்கள். மூன்று நாள் பொறுங்கள். பதில் இல்லையென்றால் ஒரே ஒரு தடவை ஞாபகப்படுத்துங்கள். அதற்கும் பதில் இல்லையா, அடுத்தவரிடம் போங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம். படம் கேட்டால் வட்ஸ்அப்பில் "டொக்கியுமென்ட்" ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், அச்சில் முகம் மங்கிப்போகும். வெளிவருமுன் காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். பெயரையும் எண்களையும் சரிபார்க்கச் சொல்லுங்கள், அதற்கு நான் எப்போதும் தயார்.

கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். தொழிலாளர்களை இதற்குள் கொண்டுவரும்போது யோசியுங்கள். தம்பி அனுப்பிய பதினாலு படங்களில் இரண்டு, மலையில் வேலை நடக்கும்போது எடுத்தவை. முகங்கள் தெளிவாகத் தெரிந்தன. அந்தப் பெண்களிடமும் கேட்கவில்லை, துரையிடமும் அனுமதி வாங்கவில்லை. "தோட்டத்தில் பாதுகாப்பு உறை தருவதில்லையா?" என்று யாராவது கேட்டால், அடுத்த நாள் பதில் சொல்லப்போவது படத்தில் இருப்பவர்தான். அந்த இரண்டையும் அழிக்கச் சொன்னேன். லயத்து வாசலில், சம்மதித்த இருவரை மட்டும் வைத்து வேறு எடுத்தோம். அக்காவிடமும் முதலிலேயே சொல்லிவிட்டேன், எழுதக் கூடாதது ஏதாவது இருந்தால் சொல்வதற்கு முன் சொல்லுங்கள் என்று. சொன்ன பிறகு "அதைப் போடாதீங்க" என்பது என் தொழிலில் பெரிய சிக்கல்.

கிளம்பும்போது ஒரு நாளைக்கு எத்தனை தைக்க முடியும் என்று கேட்டேன். ஆறு ஜோடி என்றார். அதையும் செய்தியில் சேர்த்தேன். முன்பு ஒரு தடவை தொதல் செய்கிற வீடொன்றைப் பற்றி எழுதிவிட்டு இதைக் கேட்க மறந்தேன். தீபாவளிக்கு முன் வாரம் வந்த ஓடரைச் சமாளிக்க முடியாமல், பாதிப் பேருக்கு முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. இன்றைக்கும் அந்த வீட்டு வழியாகப் போனால் தலையைக் குனிந்துகொண்டுதான் போகிறேன்.

செய்தி ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆசிரியபீடம் பாதியாக வெட்டியிருந்தது. சீருடை பற்றிய வரி போய்விட்டது, தம்பிக்கு வருத்தம். அட்டையும் 312உம் ஆறு ஜோடியும் தப்பியிருந்தன. அன்று சாயந்தரம் அக்காவுக்கு வந்த முதல் போன் நோர்வூட்டிலிருந்து. போன வருஷம் வாங்கியவராம். இடது காலுக்கு மட்டும் ஒன்று தைத்துத் தர முடியுமா, வலது இன்னும் நல்லாத்தான் இருக்கு என்று கேட்டாராம்.