கான்சல் பண்ணியாச்சு, அப்புறமும் காசு ஏன் போகுது?

கோத்தகிரில வர்க்கி கடை வச்சிருக்கிற எங்க அக்கா ஒரு வீடியோ ஆப்ல 1 ரூபா ட்ரையல் போட்டாங்க, அடுத்த மாசம் ஆப்புக்குள்ள போய் கான்சலும் பண்ணிட்டாங்க, அப்புறமும் 199 ரூபா போயிருக்கு. ஆப்பையே டெலீட் பண்ணியும் பாத்தாங்க, ம்ஹூம், அதுக்கடுத்த மாசமும் போச்சு.

நடந்தது என்னன்னா, அந்த 1 ரூபாய்க்கு யுபிஐ பின் அடிச்சாங்க பாருங்க, அப்பவே ஒரு மேண்டேட், அதாவது கம்பெனி உங்க கணக்குல இருந்து தானா காசு எடுத்துக்கலாம்ங்கிற அனுமதி, பதிவாயிடுச்சு. அதுல யாருக்கு, எவ்ளோ நாளைக்கு ஒருக்கா, அதிகபட்சம் எவ்ளோன்னு எல்லாம் இருக்கும். அக்காவோடதுல உச்சவரம்பு 999, அதை பின் அடிக்கிறப்போ யாரு பாக்குறா. ஒவ்வொரு மேண்டேட்டுக்கும் UMN-னு ஒரு தனி நம்பர் உண்டு. கம்பெனி ஒவ்வொரு தடவையும் அந்த நம்பரைச் சொல்லித்தான் காசு கேக்கும், பேங்க் பாக்குறது மேண்டேட் உயிரோட இருக்கா, தேதி சரியா, தொகை வரம்புக்குள்ள இருக்கா, அவ்ளோதான். 15,000 ரூபா வரைக்கும் பொதுவா மறுபடி பின் கேக்காது. நீங்க சப்ஸ்கிரிப்ஷனை கான்சல் பண்ணது கம்பெனியோட கணக்குல மட்டும்தான், அவங்க அதை ஒழுங்கா மேண்டேட் வரைக்கும் கொண்டுபோகலன்னா பேங்குக்கு அது தெரியவே தெரியாது.

காசு எடுக்குறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியாவது மெசேஜ் வரணும், இது ரிசர்வ் பேங்க் ரூல். அக்காவுக்கும் வந்திருக்கு, விளம்பரம்னு நினைச்சு விட்டுட்டாங்க. சிக்னல் இல்லாத எஸ்டேட் பக்கம் இருந்தா அது லேட்டாவும் வரும்.

நிறுத்தணும்னா எந்த யுபிஐ ஆப்ல பின் அடிச்சீங்களோ அதைத் திறந்து, ப்ரொஃபைல்ல ஆட்டோபேன்னு இருக்கும், அதுல ஆக்டிவா இருக்கிற லிஸ்ட்ல அந்தக் கம்பெனி பேரைப் பாருங்க. பேரு சிலசமயம் ஆப் பேரா இருக்காது, பேமென்ட் வாங்குற நிறுவனத்தோட பேரா இருக்கும், தொகையையும் தேதியையும் வச்சு கண்டுபிடிங்க. கான்சல் குடுத்து பின் அடிச்சா முடிஞ்சுது, ஆனா "Pause" குடுத்துட்டு வந்துடாதீங்க, அது கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்கிறதுதான். லிஸ்ட்ல அது ரத்தானதா காட்டுதான்னு பாத்து ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க.

அங்க ஒண்ணுமே இல்லன்னா கார்டு நம்பர் குடுத்து போட்டதா இருக்கலாம், அது யுபிஐ ஆப்ல தெரியாது, கார்டு குடுத்த பேங்க்லதான் நிறுத்தணும்.

ஏற்கனவே போன காசு ரத்து பண்றதால திரும்பி வராது, அதை கம்பெனிகிட்டதான் கேக்கணும். ரத்து ஆனப்புறமும் போச்சுன்னா கதை வேற, அந்த ஸ்க்ரீன்ஷாட்டோட பேங்க்ல எழுத்துல புகார் குடுங்க, 30 நாள்ல பதில் இல்லன்னா cms.rbi.org.in-ல ரிசர்வ் பேங்கோட ஆம்புட்ஸ்மேனுக்கு, அதாவது பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிறவருக்கு, போடலாம்.

லோன் ஈஎம்ஐ மேண்டேட்டை மட்டும் இப்படி தூக்கிடாதீங்க, மேண்டேட் போனாலும் கடன் அப்படியே நிக்கும், லேட் ஃபீஸ் வேற ஏறும்.