சரியான மொழிபெயர்ப்பிலும் விடை கசியும்

2018ஆம் ஆண்டு நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் பிழையானவை என்று வழக்கு வந்தபோது, கேள்விக்கு 4 மதிப்பெண் வீதம் 196 மதிப்பெண் வழங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் பின்னர் அதை ஏற்கவில்லை. அந்த வழக்கு பிழைகளைப் பற்றியது. பிழையே இல்லாத மொழிபெயர்ப்பிலும் ஒரு கேள்வி மூலத்தைவிட எளிதாகவோ கடினமாகவோ மாறிவிடும். இலக்கணம் சரி, பொருள் சரி, சொல் சரி என்பதால் அது யார் கண்ணிலும் படாது.

கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வைத் தமிழ் வழியிலும் எழுதலாம். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, தேவிகுளம், பீர்மேடு பகுதிப் பிள்ளைகள் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். மலையாளத்தில் அமைந்த ஒரு கேள்வியைத் தமிழாக்கும்போது, இரண்டும் உறவு மொழிகள்தானே, அப்படியே மாற்றிவிடலாம் என்று தோன்றும். உண்மையில் அந்த உறவுதான் தொல்லை. வெள்ளம் என்றால் மலையாளத்தில் தண்ணீர், அவசரம் என்றால் வாய்ப்பு. இவற்றை எல்லைப்புறத்து ஆசிரியர் எவரும் எளிதில் பிடித்துவிடுவார். பிடிபடாமல் போவது இலக்கணத்தில் இருக்கும் வேறுபாடு.

மலையாள வினைமுற்று பால், எண் காட்டாது. அவன், அவள், அவர், அது என யார் போனாலும் ‘போயி’தான். தமிழில் போனான், போனாள், போனார், போனது என்று முடிவிலேயே ஆள் தெரிந்துவிடும். ஆகவே மலையாளத்தில் மறைந்திருந்த ஒரு தகவலைத் தமிழ் வாக்கியம் சொல்லியே ஆக வேண்டிய நிலை வருகிறது. அதைச் சமாளிக்க மொழிபெயர்ப்பாளர் ஒரு பெயர்ச்சொல்லைச் சேர்ப்பார். வாக்கியமே விடைக்குத் துப்புக் கொடுத்துவிடும் இந்தக் கசிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியானது. அதை வெளியிட்டது யார் என்பது கேள்வி. விடைகளாக சர் சி.பி. ராமசாமி ஐயர், சேது லட்சுமி பாய், சித்திரைத் திருநாள் பாலராம வர்மா, சுவாதித் திருநாள் ஆகிய நால்வர். மலையாள வாக்கியத்தில் ‘புறப்பெடுவிச்சது ஆர்’ என்று மட்டும் இருக்கும். தமிழில் ‘வெளியிட்டது யார்’ என்பது மரியாதைக் குறைவாகப் படுவதால், ‘வெளியிட்ட மன்னர் யார்?’ என்று எழுதிவிட்டால் வாக்கியம் அழகாகிவிடும். ஆனால் திவானான சி.பி.யும் மன்னருக்கு வயது வரும்வரை ரீஜண்டாக ஆண்ட சேது லட்சுமி பாயும் அந்த ஒரே சொல்லால் விலகிவிடுகிறார்கள். நான்கில் ஒன்றைத் தேடிய மாணவர் இப்போது இரண்டில் ஒன்றைத் தேடுகிறார். குருட்டாம்போக்கில் எழுதினாலும் வாய்ப்பு 25 விழுக்காட்டிலிருந்து 50 ஆகிவிட்டது. ‘வெளியிட்டவர் யார்?’ என்றால் போதும். ‘அவர்’ ஆணுக்கும் பெண்ணுக்கும் மன்னருக்கும் திவானுக்கும் பொது.

இன்னும் நுட்பமானது சந்தி. இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் க, ச, த, ப வந்தால் தமிழில் ஒற்று மிகும். கோடிட்ட இடம் அந்த உருபை ஒட்டி வந்தால் ஒற்றே விடையைக் காட்டிக்கொடுக்கும். ‘செல்லில் ஆற்றலை உருவாக்கும் நுண்ணுறுப்பை ______ என்பர்’ என்ற கேள்விக்கு மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம், கோல்கி உறுப்பு, சென்ட்ரியோல் என்று நான்கு விடைகள் இருக்கட்டும். ‘நுண்ணுறுப்பை’ என்று ஒற்றில்லாமல் நிற்பதால் கோல்கியும் சென்ட்ரியோலும் இலக்கணப்படி பொருந்தவில்லை. தமிழ்ப் பாடத்தில் கவனமுள்ள மாணவருக்கு உயிரியலே தெரியாமல் இரண்டு விடைகள் கழிந்துவிடும். மலையாள உரைநடையில் இந்த இடத்தில் ஒற்றிட்டு எழுதுவது கட்டாயமில்லை என்பதால் மூலத்தில் இந்தக் குறிப்பு இல்லை. ‘ஓர் ______ ஆகும்’ என்று எழுதுவதும் இதே வகை. உயிரெழுத்தில் தொடங்கும் விடைதான் அங்கே சேரும். ஒற்றை வேண்டுமென்றே தவறாக இடுவது தீர்வல்ல. கோடிட்ட இடத்தை வாக்கியத்திலிருந்து பிரித்து, ‘நுண்ணுறுப்பின் பெயர்:’ என்று முடித்த பிறகு வைத்தால் எந்த விடையும் இலக்கணத்தால் கழியாது.

இவை வாக்கியத்தைத் திருத்தினால் தீரும். கலைச்சொல்லே விடையைச் சொல்லும்போது மொழிபெயர்ப்பாளர் மட்டும் எதுவும் செய்ய முடியாது. மலையாளத்தில் ‘ஹ்ரஸ்வதிருஷ்டி’ என்ற கண் குறைபாட்டுக்குத் தமிழில் கிட்டப்பார்வை என்று பெயர். ‘ஹ்ரஸ்வ’ என்பது குறுகிய என்ற பொருளுள்ள வடசொல். பேச்சு மலையாளத்தில் எளிதில் புழங்காது. ‘கிட்ட’ என்பதோ ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். ‘கிட்டப்பார்வை உள்ளவரால் எந்தப் பொருள்களைத் தெளிவாகக் காண முடியும்?’ என்று கேட்டால் தமிழ் மாணவருக்கு அது அறிவியல் கேள்வியாகவே இராது. இங்கே சொல்லை மாற்றக் கூடாது. பழகிய சொல்லை விட்டு ‘மயோபியா’வை எழுதினால் படித்த மாணவரும் தடுமாறுவார்; கசிவை அடைக்கப் போய்க் கடினத்தை ஏற்றியதாகிவிடும்.

சரியான வழி, மூலக் கேள்வியையே மாற்றச் சொல்வது. தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் அவர் கண்ணில் எங்கே விழுகிறது என்று கேட்கலாம். ‘விழித்திரைக்கு முன்னால்’ என்ற விடையை எந்த மொழியின் பெயரும் சொல்லிவிடாது. அல்லது 2 மீட்டருக்கு அப்பால் தெளிவாகக் காண முடியாதவருக்கு எவ்வளவு திறனுள்ள லென்ஸ் வேண்டும் என்று கேட்கலாம். விடை −0.5 டயாப்டர், குழிலென்ஸ். அதற்குக் கணக்குப் போட்டே ஆக வேண்டும். இதற்கு, வினா அமைப்பவர் தாளை முடித்துப் பூட்டும் முன்பே மொழிபெயர்ப்பாளர் பார்த்திருக்க வேண்டும். மலையாளத் தாள் உறுதியான பிறகு தமிழுக்கு அனுப்பும் நடைமுறையில் இந்தத் திருத்தத்துக்கு இடமே இல்லை. மற்றெல்லாக் குறைகளையும்விட இதுதான் பெரிது என்பது எங்கள் கருத்து.

கசிவைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. பாடம் தெரியாத, ஆனால் நல்ல தமிழறிவுள்ள ஒருவரிடம் நான்கு விடைகள் கொண்ட 20 கேள்விகளைக் கொடுத்து ஊகிக்கச் சொல்ல வேண்டும். வெறும் ஊகத்தில் சராசரியாக 5 சரியாக வரும். 10 அல்லது அதற்கு மேல் தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவு. அப்படி வந்தால் ஒவ்வொன்றையும் ஏன் தேர்ந்தார் என்று கேட்டால், ‘இதுதான் வாக்கியத்தோடு சேருகிறது’, ‘இதுதான் நீளமாக இருக்கிறது’ என்று காரணம் வரும். மலையாள மூலத்தையும் மலையாளம் அறிந்த மற்றொருவருக்கு இப்படியே தர வேண்டும். இரண்டிலும் கசிந்தால் குற்றம் கேள்வியில். தமிழில் மட்டும் கசிந்தால் மொழிபெயர்ப்பில். நடக்கவிருக்கும் தேர்வின் தாளை வெளியாரிடம் காட்ட முடியாது என்பதால், பழைய தாள்களில் இதைச் செய்து பார்த்து, எந்த வகைக் கேள்விகள் கசிகின்றன என்று பட்டியல் வைத்துக்கொள்வதே நடைமுறையில் இயலும்.

தேர்வுக்குப் பிறகு விடைகளை வைத்தும் சோதிக்கலாம். மொத்த மதிப்பெண் ஒரே அளவில் உள்ள மலையாள வழி, தமிழ் வழி மாணவர்களை ஒப்பிட்டு, ஒரு குறிப்பிட்ட கேள்விக்குச் சரியாக எழுதியவர் பங்கைப் பார்ப்பார்கள். சமமான திறனுள்ளவர்களில் மலையாளத்தில் நூற்றுக்கு 60 பேரும் தமிழில் 78 பேரும் சரியாக எழுதியிருந்தால் அந்தக் கேள்வியைத் திரும்பப் படித்தே ஆக வேண்டும். ஆனால் ஒவ்வொரு மதிப்பெண் அளவிலும் போதிய பேர் இருந்தால்தான் இந்த ஒப்பீடு நம்பத்தக்கது. தமிழ் வழியில் எழுதுவோர் குறைவாக இருக்கும் இடத்தில் ஓர் அளவில் பத்துப் பேர்கூடத் தேறாமல் போகலாம். அப்போது இரண்டு மூன்று பேரின் விடையே பங்கைப் புரட்டிவிடும். கசியும் கேள்விகள் பல இருந்தால் இன்னொரு சிக்கல்: மொத்த மதிப்பெண்ணே உயர்ந்துவிடுவதால், சம திறனுள்ளவர்கள் என்று நாம் சேர்த்து வைத்தவர்கள் சமமானவர்களாகவே இருக்க மாட்டார்கள்.