அபூர்வப் பேரிடரின் செலவை யார் சுமக்கிறார்கள்? நியூசிலாந்தின் வீட்டுக் காப்பீட்டுத் திட்டம்

நியூசிலாந்தில் சொந்த வீட்டுக்குத் தீ விபத்துக் காப்பீடு எடுக்கும் ஒவ்வொருவரும், பிரீமியத்தோடு சேர்த்து அரசுக்கு ஒரு சிறு தீர்வையும் கட்டுகிறார்கள். இதற்காகத் தனி விண்ணப்பம் போட வேண்டியதில்லை. காப்பீட்டு நிறுவனமே வசூலித்து இயற்கை இடர் ஆணையத்திடம் செலுத்திவிடும். இந்தத் தீர்வைக்கு ஈடாக நிலநடுக்கம், நிலச்சரிவு, எரிமலை வெடிப்பு, சுனாமி போன்றவற்றால் வீடு சேதமானால் முதல் 3 லட்சம் நியூசிலாந்து டாலர் வரை ஆணையம் தரும். ஜிஎஸ்டி தனி. சேதம் அதற்கு மேல் போனால் மீதியைத் தனியார் நிறுவனம் பார்த்துக்கொள்ளும்.

தனியார் நிறுவனங்கள் இருக்கும்போது அரசு ஏன் இதில் இறங்க வேண்டும்? தீ விபத்துக்குப் பொருந்தும் கணக்கு நிலநடுக்கத்துக்குப் பொருந்தாது என்பதுதான் காரணம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் திட்டத்தின் விதிகள் எல்லாம் ஏன் அப்படி இருக்கின்றன என்பது தானாகப் புரியும்.

ஓர் ஊரில் 10,000 வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் திரும்பக் கட்ட 10 லட்சம் செலவாகும். எந்த ஆண்டிலும் ஒரு வீடு எரிந்துபோகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. அப்படியானால் சராசரியாக ஆண்டுக்கு 10 வீடுகள் எரியும், இழப்பு 1 கோடி. அதை 10,000 பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 1,000. யாருடைய வீடு எரியும் என்று எவருக்கும் தெரியாது. ஆனால் மொத்தம் எத்தனை எரியும் என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். பெரும்பாலான ஆண்டுகளில் அது நான்குக்கும் பதினாறுக்கும் இடையில் இருக்கும். ஆகவே சராசரிக்கு மேல் ஒரு அறுபது சதவீதம் கையிருப்பு வைத்தால் நிறுவனம் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். இதே நிறுவனத்திடம் 10 லட்சம் வீடுகள் இருந்தால் சராசரி ஆயிரம், ஏற்ற இறக்கம் அறுபத்து சொச்சம்தான். அப்போது பத்து சதவீதக் கையிருப்பே தாராளம். ஆட்கள் சேரச்சேர ஒவ்வொருவரும் கூடுதலாகத் தர வேண்டிய பாதுகாப்புத் தொகை குறைந்துகொண்டே போகிறது. காப்பீட்டுத் தொழில் நிற்பதே இந்த இடத்தில்தான்.

ஆனால் இதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. ஒரு வீடு எரிவதற்கும் இன்னொரு வீடு எரிவதற்கும் தொடர்பு இருக்கக் கூடாது.

இப்போது அதே ஊரில் நிலநடுக்கத்தை எடுத்துக்கொள்வோம். எந்த ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு. வந்தால் பத்தில் ஒரு வீடு இடியும். ஒரு தனி வீட்டின் பக்கம் நின்று பார்த்தால் ஆபத்து அதே ஆயிரத்தில் ஒன்றுதான், நியாயமான பிரீமியமும் அதே 1,000தான். நிறுவனத்தின் பக்கம் நின்று பார்த்தால் நிலைமை வேறு. வருடக்கணக்கில் ஒரு கிளைம்கூட வராது. திடீரென்று ஒரே நாளில் 1,000 வீடுகளுக்கு 100 கோடி கொடுக்க வேண்டும், அதாவது நூறு ஆண்டுப் பிரீமியம். அந்த நாள் முதல் பத்து ஆண்டுகளுக்குள்ளேயே வந்துவிட ஏறத்தாழ பத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. வந்தால், அதுவரை சேர்ந்த பணம் தேவையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது.

சரி, தீக்குச் செய்தது போல வாடிக்கையாளர்களைக் கூட்டினால்? உதவாது. அதே ஊரில் 10 லட்சம் வீடுகளைச் சேர்த்தாலும் இடியப்போவது பத்தில் ஒன்று, தேவைப்படுவது அதே நூறு ஆண்டுப் பிரீமியம். எண்ணிக்கை கூடும்போது வரவோடு இழப்பும் சேர்ந்தே கூடுகிறது. நிறையப் பேர் பணம் கட்டுகிறார்கள், அதனால் பயமில்லை என்று நினைப்பவர்கள் தவறவிடும் இடம் இது. அவர்கள் எங்கே இருக்கிறார்கள், ஒரே அடியில் எத்தனை பேர் விழுவார்கள் என்பதைப் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பயனில்லை.

இதிலிருந்து வெளிவர வழிகள் இரண்டு. ஒன்று, இழப்பை இடத்தால் பரப்புவது. உலகின் வேறு மூலைகளில் உள்ள இடர்களோடு நம் இடரைச் சேர்த்துவிட்டால், ஒரே ஆண்டில் எல்லாம் நடப்பது அரிது. காப்பீட்டு நிறுவனங்களே தங்களுக்காக எடுக்கும் மறுகாப்பீடு இதைத்தான் செய்கிறது. குறிப்பிட்ட தொகை வரை இழப்பை நிறுவனம் ஏற்கும், அதற்கு மேல் இன்னொரு குறிப்பிட்ட தொகை வரை மறுகாப்பீட்டு நிறுவனங்கள் ஏற்கும். அந்த மேல் எல்லையையும் தாண்டினால் சுமை திரும்பவும் நிறுவனத்தின் தலையில்தான். இரண்டாவது, இழப்பைக் காலத்தால் பரப்புவது. அமைதியான ஆண்டுகளில் சேர்த்து வைத்து, பேரிடர் முன்கூட்டியே வந்துவிட்டால் கடன் வாங்கிப் பின்னால் அடைப்பது. பல பத்தாண்டுகளுக்கு நீளும் இந்த வேலையை ஒரு தனியார் நிறுவனத்தை நம்பி விடுவது கடினம். வரி வசூலிக்கும் அரசால் முடியும்.

நியூசிலாந்து இந்த முடிவுக்குப் பட்டு வந்தது. 1942 ஜூனில் வைரராபா பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கம் வெலிங்டனிலும் ஏராளமான வீடுகளைச் சேதப்படுத்தியது. பெரும்பாலானோரிடம் நிலநடுக்கக் காப்பீடு இல்லை. பல வீடுகள் நீண்ட காலம் பழுது பார்க்கப்படாமலே கிடந்தன. 1944-இல் சட்டம் வந்தது, 1945-இல் ஆணையம் செயல்படத் தொடங்கியது. அப்போது போர்ச் சேதமும் அதில் அடக்கம். நீண்ட காலம் நிலநடுக்க ஆணையம் என்று அழைக்கப்பட்ட அமைப்பு, 2023-ஆம் ஆண்டுச் சட்டம் 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது இயற்கை இடர் ஆணையம் ஆனது.

திட்டத்தின் முக்கிய விதி, தீர்வை தீக் காப்பீட்டோடு ஒட்டியிருப்பது. விருப்பப்பட்டால் கட்டலாம் என்று விட்டிருந்தால், நிலநடுக்கம் உருவாகும் பிளவுக்கோட்டின் மேல் வீடு உள்ளவர்கள்தான் அதிகம் சேருவார்கள். இடர் மிகுந்தவர்களே சேருவதால் கட்டணம் ஏறும். ஏறினால் நடுத்தர இடர் உள்ளவர்களும் விலகுவார்கள். கலிபோர்னியாவில் 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு 1996-இல் தனி ஆணையமே அமைத்தார்கள். ஆனால் அங்கே காப்பீடு எடுப்பது அவரவர் விருப்பம். அதனால் இன்றும் பெரும்பாலான வீடுகளுக்கு நிலநடுக்கக் காப்பீடு கிடையாது. நியூசிலாந்திலோ தீக் காப்பீடு உள்ள வீடுகள் எல்லாமே உள்ளே இருக்கின்றன.

இன்னொரு விதி, நாடு முழுக்க ஒரே விகிதம். இப்போது காப்பீட்டுத் தொகையில் நூறு டாலருக்கு 16 சென்ட். 3 லட்சம் டாலர் உச்சவரம்புக்கு மேல் தீர்வை இல்லை என்பதால், ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் ஆண்டுக்கு 480 டாலர், ஜிஎஸ்டி தனி. பிளவுக்கோடுகள் ஊடுருவும் வெலிங்டனிலும் நிலநடுக்க ஆபத்து மிகக் குறைந்த ஆக்லாந்திலும் இதே தொகைதான். கறாராகப் பார்த்தால் ஆக்லாந்துக்காரர் தன் இடருக்கு மேல் கட்டுகிறார். இது வெறும் காப்பீடு அல்ல, நாட்டு மக்கள் சேர்ந்து எடுத்த ஒரு முடிவும்கூட. அது சரியான முடிவு என்பது என் எண்ணம். தீர்வை இடருக்கேற்ப இருந்திருந்தால் வெலிங்டனில் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்குக் காப்பீடே எட்டாமல் போகும். இதற்கு ஒரு விலையும் உண்டு. ஆபத்தான நிலத்தில் வீடு கட்ட வேண்டாம் என்று இந்தத் தீர்வை யாரையும் எச்சரிக்காது. அந்த வேலையை நிலப் பயன்பாட்டு விதிகள்தான் செய்ய வேண்டும்.

2010 செப்டம்பர் 4 அன்று, கிறைஸ்ட்சர்ச் நகரம் இருக்கும் கேன்டர்பரி பகுதியில் 7.1 அளவில் நிலநடுக்கம் வந்தபோது ஆணையத்தின் நிதியில் சுமார் 600 கோடி நியூசிலாந்து டாலர் இருந்தது. 2011 பிப்ரவரி 22 அன்று கிறைஸ்ட்சர்ச்சுக்கு மிக அருகில் வந்த அடுத்த நடுக்கம் 185 உயிர்களைப் பறித்தது. கிளைம்கள் லட்சக்கணக்கில் குவிந்தன. பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த நிதி, மறுகாப்பீட்டுப் பணம் வந்த பிறகும், சில ஆண்டுகளில் ஏறத்தாழ வற்றிவிட்டது. ஆனாலும் ஆணையம் திவாலாகவில்லை. நிதி போதாவிட்டால் அரசு கொடுக்கும் என்று சட்டமே உறுதி சொல்கிறது. அப்புறம் தீர்வை உயர்ந்தது. அதுவரை 5 சென்ட்டாக இருந்தது 2012-இல் 15, 2017-இல் 20 என்று ஏறி, 2022-இல் உச்சவரம்பு 3 லட்சமாக உயர்ந்தபோது 16 ஆனது. பேரிடர் முடிந்த பிறகு நாடு முழுவதும் உள்ள வீடுகள் அதன் செலவை மெல்ல மெல்ல அடைக்கின்றன. காலத்தால் பரப்புவது என்றால் நடைமுறையில் இதுதான்.

இதே நிலநடுக்கத்தில் ஏஎம்ஐ என்ற நிறுவனத்துக்கு என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். பாலிசிதாரர்களுக்கே சொந்தமான அந்த நிறுவனத்தின் தலைமையகம் கிறைஸ்ட்சர்ச்சில் இருந்தது, அதன் வாடிக்கையாளர்களில் கணிசமானோரும் அந்த வட்டாரத்தில் இருந்தார்கள். அடுத்தடுத்து வந்த நடுக்கங்களின் இழப்பு அது வாங்கி வைத்திருந்த மறுகாப்பீட்டின் எல்லையைத் தாண்டியது. 2011 ஏப்ரலில் அரசு 50 கோடி டாலர் வரை உதவ முன்வந்தது. பிறகு நல்ல நிலையில் இருந்த வணிகத்தை இன்னொரு நிறுவனம் வாங்கிக்கொள்ள, நிலநடுக்கக் கிளைம்கள் அரசு அமைப்பு ஒன்றின் கைக்குப் போயின. வாடிக்கையாளர்கள் ஏராளம், பிரீமியமும் ஒழுங்காக வந்தது. அவர்களில் இத்தனை பேர் ஒரே மண்ணில் நின்றதுதான் சிக்கல்.

இழப்பீடு எப்படிப் பிரிகிறது என்பதற்கு ஓர் உதாரணம். உங்கள் வீட்டுக்கு 6 லட்சம் டாலருக்குக் காப்பீடு இருக்கிறது, நிலநடுக்கத்தில் சேதம் 4 லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். ஜிஎஸ்டியையும் நீங்களே ஏற்க வேண்டிய சிறு தொகையையும் விட்டுவிட்டுப் பார்த்தால், 3 லட்சம் ஆணையத்தின் பங்கு, 1 லட்சம் நிறுவனத்தின் பங்கு. 2021 முதல் இரண்டு பங்குக்கும் சேர்த்து நிறுவனமே ஆளனுப்பி மதிப்பிட்டுப் பணம் தருவதால், வீட்டுக்காரர் இரண்டு இடங்களுக்கு அலைய வேண்டியதில்லை.

ஆனால் எல்லாம் இதில் அடங்காது. தீக் காப்பீட்டுப் பாலிசி காலாவதியானால் அரசுப் பாதுகாப்பும் கூடவே போய்விடும், இதைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டுப் பொருள்கள் 2019-இல் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டன, இப்போது அவை தனியார் பாலிசியின் பொறுப்பு. புயலும் வெள்ளமும் நிலத்துக்குச் செய்த சேதம் மட்டுமே ஆணையத்தின் கணக்கில் வரும், வீட்டுக்கு நேர்ந்த வெள்ளச் சேதத்தைத் தனியார் நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். நிலம் என்றாலும், வீட்டின் அடியிலும் அதைச் சுற்றி 8 மீட்டருக்குள்ளும் இருப்பதும், வீட்டுக்கு வரும் முக்கிய வழியில் ஒரு பகுதியும்தான் சேரும்.

இன்னும் கடினமானது, எந்தச் சேதம் எந்த நிகழ்வில் வந்தது என்ற கேள்வி. உச்சவரம்பு ஒவ்வொரு நிகழ்வுக்கும் புதிதாகத் தொடங்கும் என்று 2011-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் கேன்டர்பரியில் ஒரே சுவரின் விரிசல்களை செப்டம்பருக்கு இவ்வளவு, பிப்ரவரிக்கு இவ்வளவு என்று பிரிக்க வேண்டி வந்தது. மொத்தமாகப் பார்த்தால் உச்சவரம்பைத் தாண்டும் சேதம், பிரித்துப் பார்த்தால் இரண்டு நிகழ்விலும் வரம்புக்குள் நிற்கலாம். அப்படியானால் முழுச் சுமையும் ஆணையத்துக்கு, தாண்டினால் நிறுவனத்துக்கும் பங்கு. இந்த இழுபறியில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. ஆகவே அடுத்தடுத்து நடுக்கங்கள் வரும் இடத்தில், ஒவ்வொன்றுக்கும் பிறகு தேதியோடு படம் எடுத்து வைத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கிளைம் பதிவு செய்வது நல்லது. பழுது பார்த்த வீட்டை வாங்குபவர்கள், முந்தைய கிளைம்களின் ஆவணங்களையும் அவற்றில் மீதமிருக்கும் உரிமையையும் விற்பவரிடமிருந்து எழுத்தில் மாற்றி வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படி வாங்காதவர்கள் சிலருக்கு, பின்னால் மோசமான பழுதுபார்ப்பு வெளிப்பட்டபோது கேட்க இடமே இல்லாமல் போனது. 2019-இல் அரசு தனி நிதி ஒதுக்கித்தான் அவர்களுக்கு உதவ வேண்டியிருந்தது.