சிறுநீரகத் தொற்று என்று எதைச் சொல்வது?

"சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலா? சிறுநீரகத் தொற்றாக இருக்கலாம்." உடல்நலப் பத்திகளில் இந்த வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. இது தவறு. அந்த எரிச்சலில் பெரும்பான்மை சிறுநீர்ப்பையில் வருவது. சிறுநீரகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆங்கில மருத்துவம் இரண்டையும் சிஸ்டைடிஸ், பைலோநெஃப்ரைடிஸ் என்று தனித்தனியே பெயரிட்டு வைத்திருக்க, நாம் இரண்டையும் ஒரே பெயரில் அடைக்கிறோம்.

சொற்பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரேக்கத்தில் 'கிஸ்டிஸ்' என்றால் பை. 'ஐடிஸ்' என்ற ஈறு இன்று அழற்சியைக் குறிக்கிறது. ஆகவே சிஸ்டைடிஸ் என்பது சிறுநீர்ப்பை அழற்சி. 'பைலோஸ்' தொட்டி, 'நெஃப்ரோஸ்' சிறுநீரகம். சிறுநீரகத்தில் ஊறும் சிறுநீர் முதலில் வந்து சேரும் புனல் வடிவ இடத்தைத்தான் தொட்டி என்றார்கள். அந்தத் தொட்டியும் சிறுநீரகத் திசுவும் சேர்ந்து அழன்றால் பைலோநெஃப்ரைடிஸ். தமிழில் 'அழற்சி' அழல் என்னும் நெருப்பிலிருந்து வந்த நல்ல சொல். கதிர்வீச்சாலும் சில புற்றுநோய் மருந்துகளாலும் கிருமியே இல்லாமல் சிறுநீர்ப்பை அழல்வதுண்டு என்பதால், சிஸ்டைடிஸுக்குத் 'தொற்று' என்பதைவிட இதுவே பொருந்தும்.

அந்தத் தொட்டியைச் 'சிறுநீரக இடுப்பு' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இடுப்புக்கூட்டுக்கும் இந்தத் தொட்டிக்கும் பெயர் ஒன்று என்பதற்காக, அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து வைத்ததன் விளைவு அது. படிப்பவர் இடுப்பு வலியை நினைப்பார். சிறுநீரகத் தொட்டி என்றால் படம் உடனே கண்ணுக்கு வருகிறது.

என் வழக்கு அந்தச் சொல்லோடு அல்ல, 'சிறுநீரகத் தொற்று' என்பதோடுதான். சிறுநீர் என்றும் சிறுநீரகம் என்றும் தமிழ் தெளிவாகப் பிரித்தே வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பவர்கள்தாம் சிறுநீர் சம்பந்தப்பட்ட எதற்கும் 'சிறுநீரக' என்ற அடையை ஒட்டிவிடுகிறார்கள். சிறுநீர்ப் பாதையைப் பார்க்கும் யூராலஜியும் சிறுநீரகத்தைப் பார்க்கும் நெஃப்ராலஜியும் ஒரே பெயரில் பலகையில் தொங்குவது இதனால்தான். துறைப் பெயர் குழம்பினால் நோயாளி வேறு அறை வாசலில் காத்திருப்பார், அவ்வளவுதான். நோயின் பெயர் குழம்பினால் மருந்து மாறிப்போகும். அது எப்படி என்று பார்ப்போம்.

30 வயதுப் பெண் ஒருவருக்கு எரிச்சல், அடிக்கடி சிறுநீர் போகவேண்டும் என்ற உந்துதல், அடிவயிற்றில் வலி. காய்ச்சல் இல்லை, கர்ப்பம் இல்லை. இது சிறுநீர்ப்பை அழற்சி. குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமி பெரும்பாலும் இதற்குக் காரணம். அது வெளியிலிருந்து சிறுநீர்த்தாரை வழியாக மேலேறுகிறது. நைட்ரோஃபுரான்டாயின் என்ற ஆன்டிபயாட்டிக்கை மெதுவாகக் கரையும் வகையில் 100 மி.கி. காலையும் இரவும் 5 நாள் கொடுத்தால் பெரும்பாலும் போதும். இந்த மருந்து இரத்தத்தில் அதிகம் தங்காது. சிறுநீரகம் அதை வடித்துச் சிறுநீரில் செறிவாகச் சேர்த்துவிடும். கிருமி இருப்பது சிறுநீர்ப்பையில் என்பதால் அதுவே வேண்டியதும். (சிறுநீரகத்தின் வடிக்கும் திறன் மிகக் குறைந்தவருக்கு இது உதவாமல் போவதும் இதனால்தான்.)

ஆறு மாதம் கழித்து அதே பெண்ணுக்குக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், வாந்தி, விலாவுக்குக் கீழே முதுகில் ஒரு பக்கம் வலி, கூடவே பழைய எரிச்சல். சென்ற முறையும் 'சிறுநீரகத் தொற்று' என்றார்கள், இதுவும் அதுதானே என்று மிச்சமிருந்த மாத்திரையைப் போடுகிறார். இரண்டாம் நாள் எரிச்சல் குறைகிறது, சிறுநீரில் மருந்து செறிவாக இருக்கிறதல்லவா. மருந்து வேலை செய்கிறது என்ற நம்பிக்கை வருகிறது. ஆனால் காய்ச்சல் இறங்கவில்லை. கிருமி இப்போது சிறுநீரகத் திசுவுக்குள் இருக்கிறது. திசுவிலும் இரத்தத்திலும் இந்த மருந்து போதிய அளவு சேர்வதில்லை. அங்கிருந்து கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. எரிச்சல் தணிந்து காய்ச்சல் நிற்காமல் இருந்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் அறிக்கையும் இங்கே காலை வாரும். 'ஈ.கோலை, நைட்ரோஃபுரான்டாயினுக்குக் கட்டுப்படும்' என்று அதில் இருக்கலாம். சிறுநீரில் மருந்து எட்டும் செறிவை மனத்தில் வைத்து எழுதிய தீர்ப்பு அது. சிறுநீர்ப்பைக்கு மட்டும் பொருந்தும். சிறுநீரகத்தில் தொற்று என்றால் அந்த வரியைக் கணக்கில் எடுக்கக் கூடாது. முதல் வேளை மருந்துக்கு முன்பே சிறுநீரைக் கல்ச்சருக்கு எடுத்துவிட்டு, திசுவை எட்டும் மருந்தைத் தொடங்க வேண்டும். வாந்தி இருந்தால் ஊசி வழியாக செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஒன்று. சிப்ரோஃப்ளாக்சசின் திசுவை நன்றாக எட்டும், கட்டுப்படும் கிருமியென்றால் 7 நாள் போதும். ஆனால் எதிர்ப்புப் பெற்ற ஈ.கோலை பெருகிய இடங்களில் முடிவு வரும் முன் அதை மட்டும் நம்பித் தொடங்க முடியாது. கிருமி புரோட்டியஸ் என்றால் நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீர்ப்பையில்கூட வேலை செய்யாது, இயல்பிலேயே அதற்கு எதிர்ப்பு உண்டு.

ஆகவே என் தீர்ப்பு இது. பொதுவாகச் சொல்லவேண்டிய இடத்தில் சிறுநீர்ப் பாதைத் தொற்று. கீழே இருப்பது சிறுநீர்ப்பை அழற்சி. 'சிறுநீரகத் தொற்று' என்பதை பைலோநெஃப்ரைடிஸுக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். நூலில் துல்லியம் வேண்டுமானால் சிறுநீரகத் தொட்டி அழற்சி என்று எழுதலாம். 'மக்களுக்குப் புரிந்தால் போதும், சொல் எதுவானால் என்ன' என்பவர்களுக்கு: மேலே சொன்ன பெண்ணுக்குச் சொல் நன்றாகவே புரிந்தது. தவறாகப் புரிந்ததற்குக் காரணம் சொன்னவர்கள்.

ஆண்களுக்கு இதே அநியாயம் 'புராஸ்டேட் வீக்கம்' என்ற தொடரில் நடக்கிறது. வயதாக ஆக சிறுநீர்த்தாரையைச் சுற்றியுள்ள புராஸ்டேட் பகுதியில் செல்கள் எண்ணிக்கையில் கூடுகின்றன. அது வீக்கம் இல்லை, பெருக்கம். புற்றும் இல்லை என்பதால் தீங்கற்ற பெருக்கம். சிறுநீர் ஓட்டம் மெலியும், இரவில் பலமுறை எழ வேண்டியிருக்கும், ஆனால் காய்ச்சல் வராது. அங்கே ஆன்டிபயாட்டிக்குக்கு வேலையே இல்லை, தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் போன்ற மருந்துக்கே வேலை. வீக்கம் என்றதும் அழற்சி என்று எண்ணி ஆன்டிபயாட்டிக் தேடுகிறார்கள். கிருமியால் புராஸ்டேட் உண்மையில் அழலும்போது காய்ச்சலும் நடுக்கமும் சிறுநீர் கழிக்கையில் கடும் வலியும் வரும். அதற்கு அந்தச் சுரப்பிக்குள் நுழையும் மருந்து வாரக்கணக்கில் வேண்டும், நைட்ரோஃபுரான்டாயின் அங்கும் எட்டாது. முன்னதைப் புராஸ்டேட் பெருக்கம் என்றும் பின்னதைப் புராஸ்டேட் அழற்சி என்றும் எழுதுவதில் யாருக்கும் ஒரு சிரமமும் இல்லை. பெருக்கத்தால் முழுதும் வெளியேறாமல் சிறுநீர்ப்பையில் தேங்கும் சிறுநீரில் கிருமி வளர்ந்து இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வரவும் கூடும். அப்போது 'வீக்கம்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எந்த மருந்து எதற்கு என்று அவருக்கு எப்படி விளக்குவார்கள்?