சர்விங் சைஸ்: பரிமாறும் அளவு

பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்க அட்டவணையில் ‘சர்விங் சைஸ் 25 கிராம்’ என்று இருக்கும். பணிவிடை செய்வதைக் குறிக்கும் ‘செர்விரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்த ஆங்கிலச் சொல் ‘சர்வ்’. அது உணவு பரிமாறுவதற்கும் ஆகி, பிறகு ஒருமுறை தட்டில் வைக்கும் அளவையும் குறிக்கத் தொடங்கியது. தமிழில் ‘பரிமாறும் அளவு’ என்பது பொருந்தும். வீட்டுப் பேச்சுக்கு ‘ஒரு பங்கு’ போதும்.

இந்தப் பங்கு மருத்துவர் பரிந்துரைத்த அளவு அல்ல. நம் நாட்டில் பெரும்பாலும் தயாரிப்பாளரே இதை முடிவு செய்கிறார். பங்கைச் சிறிதாக வைத்தால், பக்கத்திலுள்ள சர்க்கரையும் உப்பும் சிறிதாகத் தெரியும். அதனால் முதலில் 100 கிராமுக்கான பத்தியைப் பாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. 100 கிராம் பாக்கெட்டில் 16 பிஸ்கட். சேர்த்த சர்க்கரை 100 கிராமுக்கு 26 கிராம். ஒரு பங்கு 25 கிராம் என்றால் நான்கு பிஸ்கட்தான். அதில் சர்க்கரை 6.5 கிராம். லேபிள் இதை 13 சதவீதம் என்று காட்டும், ஏனென்றால் அந்தச் சதவீதம் நாளுக்கு 2,000 கலோரி, 50 கிராம் சேர்த்த சர்க்கரை என்ற பெரியவர் கணக்கில் போடப்படுகிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கு நாளுக்குச் சுமார் 1,360 கலோரி. அதில் பத்து சதவீதத்தைச் சேர்த்த சர்க்கரைக்கு வரம்பாகக் கொண்டால் 136 கலோரி. ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி என்பதால் அது 34 கிராம். டீயில் தொட்டுத் தொட்டு எட்டு பிஸ்கட் தின்றால் 13 கிராம் உள்ளே போய்விடும். லேபிள் சொன்ன 13 சதவீதம் அந்தக் குழந்தைக்கு 38 சதவீதமாகிறது, டீயில் போட்ட சர்க்கரையைச் சேர்க்காமலே.

அடுத்து, சேர்பொருள் பட்டியல். எது எடையில் அதிகமோ அது முதலில் வரும். சர்க்கரை, இன்வெர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ் என்று இனிப்பைப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். அட்டவணையில் ‘சேர்த்த சர்க்கரை’ வரி இவற்றைக் கூட்டிக் காட்டுகிறது, அதை நம்பலாம். மால்டோடெக்ஸ்ட்ரின் மட்டும் அந்த வரியில் வராது. அது மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் தூள். இனிப்பு குறைவு, ஆனால் செரிக்கும்போது வேகமாகக் குளுக்கோஸாக மாறும். அதனால் கார்போஹைட்ரேட் வரியில்தான் அதன் எடை தெரியும். ‘ஹெல்த் டிரிங்க்’ தூள்களில் இதைக் கட்டாயம் தேடிப் பாருங்கள்.

உணவில் சேர்க்கும் நிறம், பதப்படுத்தி போன்றவற்றைக் குறிக்கும் ஐ.என்.எஸ். எண்களைக் கண்டதும் பயப்பட வேண்டாம். 322 என்பது எண்ணெயும் நீரும் பிரியாமல் கலக்க உதவும் லெசித்தின், 500 (ii) நம் சமையல் சோடா. 102 என்றால் டார்ட்ரசின் என்ற செயற்கை மஞ்சள் நிறம். ஐரோப்பாவில் இது சேர்ந்த உணவில், குழந்தைகளின் துறுதுறுப்பையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும். மிட்டாய், ஜெல்லி வாங்கும்போது அந்த எண்ணைத் தவிர்ப்பது நல்லது.