மில் வளாகத்துக் காலி இடம்: திட்டக் கணக்கில் என்ன விலை போடுவது?

புதிய யூனிட் போடும் திட்ட அறிக்கைகளில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது: "நிலம் – சொந்தம். செலவு – இல்லை." சில அறிக்கைகள் கொஞ்சம் கூடுதல் அக்கறையோடு, பேலன்ஸ் ஷீட்டில் இருக்கும் பழைய கிரயத் தொகையைப் போட்டுவைக்கும். இரண்டுமே தவறு. நிலத்தை எப்போது, என்ன விலைக்கு வாங்கினோம் என்பது முடிந்துபோன கதை. இந்தத் திட்டம் வராவிட்டால் அதே நிலம் நமக்கு என்ன தந்திருக்கும் என்பதுதான் கேள்வி. அந்தத் தொகைதான் வாய்ப்புச் செலவு. அதற்கு பில் வராது, வவுச்சர் கிடையாது. அதனால்தான் கணக்குப் புத்தகத்தில் தேடினால் கிடைப்பதில்லை.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். கோவைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில் கம்பெனி. வளாகத்தின் ஓரத்தில் 2 ஏக்கர், அதாவது 200 சென்ட், காலியாகக் கிடக்கிறது. 1996-ல் வாங்கியது, புத்தக மதிப்பு 6 லட்சம். அங்கே கார்மெண்ட் யூனிட் ஒன்று போட நினைக்கிறார்கள். கட்டடத்துக்கும் மெஷினுக்கும் 12 கோடி, நடைமுறை மூலதனம் 2 கோடி. வரி போக ஆண்டுக்கு 3.2 கோடி என 10 ஆண்டுகள் பணம் வரும். நடைமுறை மூலதனம் கடைசியில் திரும்பும். மெஷினுக்குக் கடைசி விலை எதுவும் இல்லை என்று வைப்போம். மூலதனத்தின் செலவு 13 சதவீதம். வரவு முழுவதையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து முதலீட்டைக் கழித்தால் 3.95 கோடி மிஞ்சுகிறது. இதுதான் என்.பி.வி. நிலத்துக்கு எதுவும் போடாத இந்தக் கணக்கில் திட்டம் நன்றாகவே தெரியும்.

இப்போது நிலத்துக்கு வருவோம். சந்தை விலை சென்ட் 5 லட்சம் என்றால் மொத்தம் 10 கோடி. ஆனால் வாய்ப்புச் செலவு 10 கோடி அல்ல. விற்றால் கையில் நிற்கும் தொகைதான். தரகு 1 சதவீதம் என்றால் 10 லட்சம். பிறகு மூலதன ஆதாய வரி. 2001-க்கு முன் வாங்கிய நிலம் என்பதால், கிரயத் தொகைக்குப் பதிலாக 2001 ஏப்ரல் 1 அன்றைய நியாய மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அது அன்றைய கைடுலைன் மதிப்பைத் தாண்டக் கூடாது. இங்கே 24 லட்சம் என்று வைப்போம். 2024 ஜூலை 23 முதல் நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி. கம்பெனிக்குப் பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது. 22 சதவீத வரித் திட்டத்தில் இருக்கும் கம்பெனிக்கு சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்து 14.3 சதவீதம் ஆகும். ஆதாயம் 9.66 கோடி, வரி 1.38 கோடி. கையில் நிற்பது 8.52 கோடி.

இதைத் தொடக்க ஆண்டின் செலவாகக் கழித்தால் என்.பி.வி. மைனஸ் 4.57 கோடிக்கு விழுகிறது. இங்கேயே கணக்கை மூடிவிடுவது எதிர்ப்பக்கத் தவறு. மெஷின் தேயும்; நிலம் தேயாது. பத்தாண்டு முடிவில் நிலம் மறுபடி நம் கையில்தான் இருக்கும். ஆண்டுக்கு 5 சதவீதம் விலை ஏறினால் அப்போது 16.29 கோடி. தரகும் வரியும் போக 13.85 கோடி, அதன் இன்றைய மதிப்பு 4.08 கோடி. இதைத் திருப்பிச் சேர்த்தால் என்.பி.வி. மைனஸ் 49 லட்சம். திட்டம் தேறவில்லை.

இங்கே ஒரு உஷார் வேண்டும். விலை ஏற்றத்தை 5-லிருந்து 7 சதவீதமாக மாற்றினால் அதே திட்டம் பிளஸ் 36 லட்சமாகிவிடும். தையல் லைனில் ஒரு பீஸ்கூட கூடுதலாக ஓடவில்லை. எக்செல்லில் ஒரு கட்டம் மட்டும் மாறியது. திட்டத்தைத் தேற்றவேண்டும் என்ற ஆசை முதலில் கைவைக்கும் இடம் இதுதான். நில விலை ஏற்றத்தை நம்பித்தான் திட்டம் பிழைக்கிறது என்றால், அதை அறிக்கையில் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

"நாங்கள் அந்த நிலத்தை விற்கப்போவதே இல்லையே" என்பது முதலாளிகள் வழக்கமாகச் சொல்லும் பதில். சரி, விற்காவிட்டால் அடுத்த வழி வாடகை. 2 ஏக்கர் என்பது 87,120 சதுர அடி. லாரி யார்டுக்கோ சரக்கு அடுக்கவோ சதுர அடிக்கு மாதம் இரண்டரை ரூபாய் கிடைத்தால், ஆண்டுக்கு 26 லட்சம். வரி போக ஏறத்தாழ 19.6 லட்சம். பத்தாண்டுக்கான இன்றைய மதிப்பு 1.06 கோடி. இதை மட்டும் கழித்தால் யூனிட்டின் என்.பி.வி. பிளஸ் 2.89 கோடி.

அப்படியானால் எது சரி? விற்க முடியாத உண்மையான தடை இருந்தால் வாடகைக் கணக்கே சரி: வழக்கு நடக்கிறது, தனியாக வழி கிடையாது, மில்லின் கழிவுநீர்க் குழாய் அந்த இடத்துக்கு அடியில் போகிறது என்பது போல. தடை வெறும் மனப்பற்று என்றால் அதற்கும் ஒரு விலை உண்டு. விற்றால் 8.52 கோடி. விற்காமல் வாடகைக்கு விட்டு, கடைசியில் நிலத்தையும் வைத்துக்கொண்டால் 1.06 + 4.08 = 5.14 கோடி. வித்தியாசம் 3.38 கோடி, விற்காமல் வைத்திருப்பதன் செலவு அது. யூனிட் தரும் 2.89 கோடி அதை ஈடுகட்டவில்லை. குறைவது அதே 49 லட்சம். போர்டு தெரிந்தே அந்தச் செலவை ஏற்கலாம். அது அவர்கள் உரிமை. யூனிட்டின் லாபத்துக்குள் அதை மறைத்துவைப்பதுதான் கூடாது.

விற்பனைத் தொகை, வாடகை இரண்டையும் சேர்த்துக் கழிப்பவர்களும் உண்டு. விற்ற நிலத்துக்கு வாடகை வராது. இருக்கும் வழிகளில் அதிகம் தருவது எதுவோ அது ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

கணக்கு பெரும்பாலும் சறுக்குவது சந்தை விலையில். கைடுலைன் மதிப்பைப் போடுவது சுலபம், ஆனால் அது பத்திரப்பதிவுக்கான மதிப்பு. நிஜ விலை கூடவும் இருக்கும், குறையவும் இருக்கும். (விற்கும் விலையைவிட அது 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், வருமான வரி அந்த மதிப்பில்தான் கணக்கிடப்படும். அதனால் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.) பக்கத்தில் 5 சென்ட் மனை விற்ற விலையை 200 சென்டால் பெருக்குவது இன்னொரு தவறு. மனையாகப் பிரித்தால் சாலைக்கு இடம் போகும். இந்த அளவு நிலத்தில் திறந்தவெளிக்கு 10 சதவீதமோ அதற்கான தொகையோ தர வேண்டும். அப்ரூவல் வாங்கி விற்று முடிக்க ஆண்டுகள் ஆகும். அதே சர்வே எண்ணை ஒட்டி, ஏக்கர் கணக்கில் சமீபத்தில் பதிவான கிரயங்களோடுதான் ஒப்பிட வேண்டும். அந்த இடம் தொழிற்சாலைப் பகுதியா, குடியிருப்புப் பகுதியா என்பதையும் பார்க்க வேண்டும்.

யூனிட்டுக்கு உண்மையில் எவ்வளவு இடம் போகிறது என்பதும் வரைபடத்தைப் பார்த்தால்தான் தெரியும். கட்டடம் 120 சென்டில் அடங்கிவிடும், மீதி 80 சென்ட் மிச்சம் என்பார்கள். அந்த 80 சென்டுக்கு ரோட்டிலிருந்து வழி இல்லாமல் போனால், அதன் விலைச் சரிவும் இந்தத் திட்டத்தின் தலையில்தான் ஏற வேண்டும். கட்டடத்தைத் திருப்பிப் போட்டு 20 அடி வழி விட முடியுமா என்று வரைபடக் கட்டத்திலேயே ஆர்க்கிடெக்டிடம் கேட்டுவிடுவது நல்லது. அஸ்திவாரம் போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.